காய்ச்சல் விட்ட பிறகு வரும் வாந்தி: பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் ஏன் கொடுப்பதில்லை

"என் பையனுக்கு 8 வயசு. ரெண்டு நாளா வைரல் காய்ச்சல், தலை வலிக்குதுன்னு அழுகிறான். மாமியார் பாதி டிஸ்பிரினைத் தண்ணியில கரைச்சுக் குடுன்னு சொன்னாங்க. பிள்ளைக்குன்னு சொன்னதும் மெடிக்கல்ல தரமாட்டேன்னுட்டாங்க. மாமனார் இதயத்துக்கு தினமும் ஆஸ்பிரின் போடுறார், அவருக்கு ஒண்ணும் ஆகலையே. பிள்ளைக்கு மட்டும் ஏன் கூடாது? பாதி மாத்திரையில என்ன ஆயிடும்?" (ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அம்மா)

மெடிக்கல்காரர் செய்தது சரி. டிஸ்பிரினில் இருப்பது ஆஸ்பிரின்தான். வைரஸ் காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால், அரிதாகத்தான் என்றாலும், கல்லீரலும் மூளையும் சேர்ந்து கெடுகிற ஒரு நோய் வரலாம். ரெய் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயர். இரண்டாவது காரணம் நம் கரைக்கு இன்னும் நெருக்கமானது. இந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். முதல் இரண்டு நாளில் எது சாதாரண வைரஸ், எது டெங்கு என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் மருந்தாளுநர். மண்டபம் பக்கத்து மருந்துக் கடைகளில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் கேள்வி மழைக்காலம் தோறும் வருகிற கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ரெய். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நோயியல் நிபுணராக இருந்தவர் டக்ளஸ் ரெய். சில குழந்தைகளின் நோய்க்கதை ஒரே மாதிரி இருப்பதை அவர் கவனித்தார். லேசான சளி, காய்ச்சல். பிறகு கடும் வாந்தி, பிதற்றல், வலிப்பு, நினைவிழப்பு. இறந்த குழந்தைகளின் கல்லீரல் கொழுப்பேறி மஞ்சளாக இருந்தது, மூளை வீங்கியிருந்தது. அப்படி 21 குழந்தைகளைப் பற்றி 1963-ல் எழுதினார். அவர்களில் 17 பேர் இறந்துபோனார்கள். காரணம் என்ன என்று அவருக்கும் அப்போது தெரியவில்லை. ஆஸ்பிரின் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கிற மருந்து, அதனால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

துப்பு கிடைத்தது அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில். அங்கே ஃப்ளூ பரவிய சமயத்தில் ரெய் சிண்ட்ரோம் வந்த 7 பிள்ளைகளையும், அதே ஃப்ளூ வந்து தானாகத் தேறிய 16 பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய் வந்த 7 பேரும் ஆஸ்பிரின் வகை மருந்து சாப்பிட்டிருந்தார்கள். தேறிய 16 பேரில் 8 பேர்தான் சாப்பிட்டிருந்தார்கள். 1980-ல் வெளியான அந்த ஆய்வு சிறியது, அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின. எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி, எச்சரிக்கை கொடுத்த பிறகு நடந்தது. 1979-80 காலகட்டத்தில் அமெரிக்காவில் 555 பேருக்கு ரெய் பதிவானது. பெற்றோர் ஆஸ்பிரினை நிறுத்த நிறுத்த எண்ணிக்கை சரிந்தது. 1994-க்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்று ஆகிவிட்டது. மருந்து நின்றது, நோயும் ஏறக்குறைய நின்றது. அந்தப் பழைய கணக்கில் வேறு பிறவிக் குறைபாடுகள் சிலவும் ரெய் என்று தவறாகச் சேர்ந்திருக்கலாம் என்பது உண்மைதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இவ்வளவு பெரிய சரிவுக்கு வேறு நல்ல விளக்கம் கிடையாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? நம் உயிரணுக்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்துச் சக்தி தருகிற அடுப்புகள் அவை. காய்ச்சலில் பிள்ளை சரியாகச் சாப்பிடாது. அப்போது உடம்பு சேமித்த கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்க வேண்டும். வைரஸ் தொற்றால் ஏற்கெனவே தடுமாறும் இந்த மைட்டோகாண்ட்ரியாவை ஆஸ்பிரினிலிருந்து வரும் சாலிசிலேட் மேலும் முடக்குகிறது. எரியாத கொழுப்பு கல்லீரலில் பொடிப்பொடித் துளிகளாகத் தேங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. புரதம் செரித்து வரும் அம்மோனியா என்ற நச்சைக் கல்லீரல்தான் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பும். அந்த வேலையில் ஒரு பகுதி நடப்பதும் இதே மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான். அது நின்றதும் அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது, மூளை வீங்குகிறது. வாந்தியும் பிதற்றலும் அங்கிருந்துதான் வருகின்றன.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆவதில்லை. எந்தப் பிள்ளைக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு பரிசோதனையும் இல்லை. "பாதி மாத்திரைதானே" என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. இந்த அளவுக்குக் கீழே கொடுத்தால் ரெய் வராது என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது. மாமனாருக்குக் கொடுப்பது பெரும்பாலும் 75 மில்லிகிராம், ரத்தம் உறையாமல் இருக்க. டிஸ்பிரின் போன்ற தலைவலி மாத்திரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், பாதி என்றாலும் அவர் போடுவதில் இரண்டு மடங்கு. பெரியவர்களுக்கு ரெய் வருவது மிக மிக அபூர்வம். அவருக்கு மாரடைப்பைத் தடுப்பது என்ற பெரிய பலனும் இருக்கிறது. பையனுக்கோ தலைவலி குறைவதுதான் பலன், அதைப் பாராசிட்டமாலே செய்துவிடும்.

இந்த நோய் எப்படி வந்து நிற்கும் என்பதை ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். நிஜமான ஒரு பிள்ளையின் கதை இல்லை, நோயின் போக்கு புரிவதற்காக நானே அமைத்தது.

எட்டு வயதுப் பையன், 22 கிலோ. திங்கட்கிழமை காய்ச்சல், மூக்கொழுகல், தலைவலி. அப்பா கடலுக்குப் போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் தலைவலி மாத்திரை அட்டை வீட்டில் கிடக்கிறது. அப்பத்தா அன்று இரவும் மறுநாள் இரண்டு வேளையும் பாதிப் பாதியாகக் கரைத்துக் கொடுக்கிறார். காய்ச்சலும் தலைவலியும் குறைகின்றன. புதன்கிழமை பையன் எழுந்து விளையாடுகிறான். மாத்திரை கேட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாந்தி தொடங்குகிறது. மீன் ஒத்துக்கொள்ளவில்லை, பித்தம் என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அதுவும் வெளியே வருகிறது. இரவெல்லாம் அரை மணிக்கொரு வாந்தி. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. விடியும்போது பையன் எழுப்பினாலும் எழாமல் சுருண்டு படுக்கிறான். கொஞ்ச நேரத்தில் எழுந்து யாரையும் அடையாளம் தெரியாதவன்போலக் கத்துகிறான், அம்மாவைத் தள்ளிவிடுகிறான். "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் உயிர் போகவும் பிழைக்கவும் வழி பிரிகிறது. மந்திரிக்கப் போனால் காலை நேரம் வீணாகும். மருத்துவமனைக்குப் போனால் ரத்தத்தில் பார்ப்பார்கள். சர்க்கரை குறைந்திருக்கலாம், அம்மோனியா ஏறியிருக்கும், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் அளவுகள் பல மடங்கு கூடியிருக்கும், ரத்தம் உறைய நேரமாகும். ஆனால் மஞ்சள்காமாலைக்கான பிலிரூபின் பெரும்பாலும் கூடியிருக்காது. அதனால்தான் கண் வெள்ளையாக இருக்கிறது, கல்லீரலுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டிலிருந்தே முடிவுகட்டக் கூடாது. இந்த நோயை நேராக முறிக்கும் மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றுவது, மூளை வீக்கத்தைக் குறைப்பது, தேவைப்பட்டால் செயற்கை சுவாசம் வைப்பது, அதற்குள் கல்லீரல் தானாக மீண்டு வரக் காத்திருப்பது, இவ்வளவுதான் சிகிச்சை. வாந்தியும் மந்தமும் மட்டும் இருக்கும்போதே வந்து சேர்கிற பிள்ளைக்கும், நினைவு தப்பிய பிறகு வருகிற பிள்ளைக்கும் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தீவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல். மதியம் வரை பார்ப்போம் என்று உட்கார இந்தத் தூரம் இடம் கொடுக்காது, 108-ஐ அழைத்துவிட வேண்டும். போகும்போது கொடுத்த எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். யார் கொடுத்தது என்ற சண்டை அப்போது வேண்டாம். அப்பத்தாவைத் திட்டுவார்களோ என்று மாத்திரையை மறைத்துவிட்டால் மருத்துவர் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் இது வேறு மாதிரி தொடங்கலாம். வாந்தி அதிகம் இல்லாமல், வயிற்றுப்போக்கும் வேகமான மூச்சுமாக வரும்.

அம்மை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரெய்யோடு அதிகம் தொடர்புள்ளவை ஃப்ளூவும் சின்னம்மையும். நம் ஊரில் அம்மை போட்டுவிட்டால் வேப்பிலை கட்டி, மாத்திரையே தொடமாட்டார்கள், அதனால் இங்கே பயமில்லை என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பல பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே காய்ச்சலும் தலைவலியும் வந்துவிடும். வேப்பிலை கட்டும் முன்பே ஆஸ்பிரின் உள்ளே போயிருக்கும்.

இப்போது டெங்கு. ராமநாதபுரம் கரையோரத்தில் தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடுதான். குழாயில் வரும் நாளில் குடம், டிரம், தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைக்காமல் வாழ முடியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தேங்காய்ச் சிரட்டை, படகுக்குள் நிற்கும் மழைத் தண்ணீர் என்று இடம் இன்னும் கூடும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் தலைவலியோடு வரும் காய்ச்சல் எதையும் டெங்கு இல்லை என்று உறுதியாகத் தெரியும் வரை டெங்குபோலவே நடத்துவதுதான் புத்திசாலித்தனம்.

டெங்குவில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். ஆஸ்பிரின் மீதி இருக்கும் தட்டணுக்களையும் ஒட்டவிடாமல் செய்துவிடும். ஒருமுறை ஆஸ்பிரின் பட்ட தட்டணு அது சாகும் வரை தேறாது, அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். முதல் நாள் கொடுத்த மாத்திரை, தட்டணு கீழே விழுகிற ஐந்தாம் நாளிலும் வேலை செய்துகொண்டிருக்கும் என்று அர்த்தம். போதாததற்கு ஆஸ்பிரின் இரைப்பையின் உட்சுவரையும் அரிக்கும். டெங்குவில் வயிற்றுக்குள் ரத்தம் கசிவது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே காரணத்துக்காக ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மருந்துகளையும் டெங்கு சந்தேகத்தில் தவிர்க்கிறோம். அவை ரெய்யை வரவழைப்பதில்லை, ஆனால் ரத்தக்கசிவு விஷயத்தில் ஆஸ்பிரினுக்கு உறவுக்காரர்கள். பாராசிட்டமாலுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று மெஃபனமிக் ஆசிட் சிரப்பை நீங்களே வாங்கிச் சேர்க்காதீர்கள்.

ரெய்யும் டெங்குவும் ஒரு விஷயத்தில் ஒன்றாக வருகின்றன, அதனால்தான் தலைப்பில் அதைப் போட்டேன். டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை; மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் வரும். ரெய்யும் வைரஸ் காய்ச்சல் தேறிவரும் நாட்களில்தான் தலைகாட்டும். இரண்டிலும் முதல் அடையாளம் நிற்காத வாந்தியும் மந்தமும். ஆகவே காய்ச்சல் விட்ட பிள்ளை மறுபடி வாந்தியெடுத்தால், இது எந்த நோய் என்று வீட்டில் விவாதிக்கத் தேவையே இல்லை. குடித்தது தங்காமல் திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பக் கஷ்டமான தூக்கம், உளறல், விடாத வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. தலைவலியோடு கழுத்தை வளைக்க முடியாமல் விறைத்தாலோ வலிப்பு வந்தாலோ அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், அதற்கும் இதே அவசரம்தான்.

சரி, தலைவலிக்கு என்ன கொடுப்பது? பாராசிட்டமால் மட்டும். வயதை வைத்துக் கொடுக்காதீர்கள், எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் பையன் 22 கிலோ என்றால் 220 முதல் 330 மில்லிகிராம் வரை. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 மில்லி கொடுத்தால் 250 ஆகிறது, போதும். ஆனால் 5 மில்லியில் 125 உள்ள சிரப்பும் கடையில் இருக்கிறது, அதில் அதே அளவுக்கு 10 மில்லி வேண்டும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், அதை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500. பாட்டிலில் இந்த எண்ணைப் பார்க்காமல் "ஒரு மூடி" கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மாத்திரை விழுங்குவான் என்றால் 500-ல் பாதி சரியாக இருக்கும். வீட்டில் பெரும்பாலும் கிடப்பது 650. அதில் பாதி 325, மேல் எல்லையை ஒட்டி நிற்கிறது. முழுதாகக் கொடுத்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் ஆறு மணி நேரம் விடுங்கள். மிகவும் தேவைப்பட்டால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது, ஏனென்றால் பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலைத்தான் கெடுக்கும். பல சளி சிரப்களில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தெரியாமலே அளவு கூடிவிடும். உடம்பில் தண்ணீர் குறைவதும் தலைவலிக்கு ஒரு காரணம். ஓ.ஆர்.எஸ்., இளநீர், கஞ்சித் தண்ணீர், எது இறங்குகிறதோ அதை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டிவிட்டதால் நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரத்தம் பார்த்துவிடுங்கள். ராமேசுவரம் தீவில் மலேரியாவும் இருந்து வந்திருக்கிறது, அதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

தலையில் தேய்க்கும் தைலம் பற்றியும் கேட்பீர்கள். வலி தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, ஆஸ்பிரினின் உறவுதான். நெற்றியில் ஒரு பொட்டளவு தடவுவதால் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. ஆனாலும் காய்ச்சல் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தேய்க்க வேண்டாம், ஈரத்துணி போதும். நீலகிரிப் பக்கம் சுற்றுலா போய் வருபவர்கள் வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. அது ஏறக்குறைய முழுவதுமே மெத்தில் சாலிசிலேட். சின்னப் பிள்ளை ஒரு தேக்கரண்டி குடித்தாலே உயிருக்கு ஆபத்து. அந்தப் பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஒருவேளை மாமியார் ஏற்கெனவே ஒரு பாதி கொடுத்துவிட்டார் என்றால் பதற வேண்டாம். அப்படி ஒருமுறை சாப்பிட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி கொடுக்காதீர்கள். நாளை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த ஒரு வாரம், காய்ச்சல் விட்ட பிறகும், மேலே சொன்ன வாந்தியையும் மந்தத்தையும் கவனியுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பிள்ளைகளின் ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் கவாசாகி நோயிலும், வாதக் காய்ச்சலிலும், சில இதய அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் மருத்துவரே பிள்ளைக்கு ஆஸ்பிரின் எழுதுவார். அங்கே பலன் பெரிது, தெரிந்தே கொடுக்கிறார். அப்படிப்பட்ட பிள்ளை இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ அம்மை போட்டிருந்தாலோ அன்றே அந்த மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஃப்ளூ, சின்னம்மை தடுப்பூசிகளைப் பற்றியும் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயது எல்லை என்று கேட்டால், பிரிட்டனில் முதலில் 12 வயது வரை கூடாது என்று வைத்து, பிறகு 16 ஆக உயர்த்தினார்கள். அமெரிக்காவில் பதின்வயதினரையும் சேர்த்தே எச்சரிக்கிறார்கள். உங்கள் வீட்டில் அக்கா, அண்ணன் யாராவது பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ படித்தால், காய்ச்சல் தலைவலிக்கு அவர்களுக்கும் பாராசிட்டமால்தான்.